டிரையர் தானா நிக்குது, பிளக் மட்டும் ஏன் சுடுது?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்ஸ்ல ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னைக்கு முழுக்க அதைப் பத்தியே பேசப் போறேன். சென்னையில ஒரு பிஜியில தங்கி வேலைக்குப் போற பொண்ணு அனுப்பினது. விஷயத்தைச் சுருக்கமா சொல்லிடறேன்.

அவங்ககிட்ட ஒரு 1200 வாட் ஹேர் டிரையர் இருக்கு. ஆன்லைன்ல வாங்கினது, ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்போ கொஞ்ச நாளா நாலு நிமிஷம் ஓடினதும் பட்டுன்னு நின்னுடுது. அஞ்சு, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஓடுது. அதோட, பிளக்கைப் பிடுங்கும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சூடு. ரூம்மேட் என்ன சொல்றாங்கன்னா, "அதுல ஓவர்ஹீட் கட்-ஆஃப் இருக்குடி, சூடானா அதுவே நின்னுடும், பயப்படாத." இதுக்கு நடுவுல நியூ ஜெர்சியில இருக்கிற அவங்க அத்தை அடுத்த மாசம் ஊருக்கு வர்றாங்க. "என்னோட பழைய டிரையரைக் கொண்டு வரேன், 1875 வாட், ரெண்டே நிமிஷத்துல காஞ்சிடும்"னு சொல்லியிருக்காங்க. கேள்வி இதுதான்: "அக்கா, இதையே ஓட்டலாமா, இல்ல அத்தை கொண்டு வர்றதுக்கு மாறிடலாமா?"

ரெண்டுமே இப்போதைக்கு வேண்டாம்ங்கிறதுதான் என் பதில். ஏன்னு சொல்றேன்.

லேபிள்ல இருக்கிற நம்பர்

முதல்ல டிரையரோட கைப்பிடியில, இல்லேன்னா பின்பக்கம், பொடி எழுத்துல ஒரு லேபிள் இருக்கும். டப்பா மேல பெருசா போட்டிருக்கிறதை விட்டுடுங்க, இதைப் படிங்க. இவங்க அனுப்பின போட்டோவுல இருந்தது: 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1000-1200 வாட். பக்கத்துல ஒரு சதுரத்துக்குள்ள இன்னொரு சதுரம்.

1000-ல இருந்து 1200-ன்னு ஏன் ரெண்டு நம்பர்? நிறைய பேர் லோ செட்டிங் 1000, ஹை செட்டிங் 1200-ன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. உள்ள இருக்கிற ஹீட்டர் கம்பி ஒண்ணுதான். வீட்டுக்கு வர்ற வோல்டேஜ் 220 இருந்தா அது 1000 வாட் எடுக்கும், 240 இருந்தா கிட்டத்தட்ட 1200 எடுக்கும். வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் வாட் அதைவிட வேகமா ஏறும். இந்த ஏறுற கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க, அத்தையோட டிரையர் வரும்போது வேணும்.

அடுத்து, இந்த வாட்டை ஆம்பியரா மாத்தணும். ஏன்னா சுவத்துல இருக்கிற பாயிண்ட்டுக்கு வாட் தெரியாது, ஆம்பியர்தான் அதோட கணக்கு. வாட்டை வோல்டேஜால வகுத்தா ஆம்பியர். 1200-ஐ 230-ஆல வகுத்தா 5.2 ஆம்பியர். நம்ம வீட்டுல கண்ணாடிக்குப் பக்கத்துல, கட்டிலுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. பழைய ஆளுங்க இன்னும் 5 ஆம்ப்ஸ் பிளக்னு சொல்வாங்க. அதுல 1380 வாட் வரைக்கும் தாங்கணும். ஆக, 1200 வாட் டிரையர் சின்ன பாயிண்ட்டுல ஓடலாம், ஆனா கிட்டத்தட்ட விளிம்புல ஓடுது. 2000 வாட் டிரையர்னா 8.7 ஆம்பியர். அதுக்குப் பெரிய பாயிண்ட் வேணும், ஏசி, கீசருக்கு வச்சிருப்பாங்களே, அந்த 16 ஆம்பியர் பவர் பிளக்.

அந்த டபுள் சதுரத்துக்கு அர்த்தம், இதுக்கு எர்த் தேவையில்ல, உள்ளேயே ரெண்டு அடுக்கு இன்சுலேஷன் இருக்குன்னு. அதனாலதான் இந்த மாதிரி டிரையர்கள் நிறைய ரெண்டு பின்னோட வருது. அது சரியான டிசைன்தான். ஆனா ரெண்டு பின் எந்த ஊருக்காகச் செஞ்சதுங்கிறதுலதான் சிக்கலே.

பிளக் சுடுறது எங்கே இருந்து வருது

நம்ம ஊர் 6 ஆம்பியர் பாயிண்ட்டோட ஓட்டைகள் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனான பின்னுக்காகச் செஞ்சது. ஐரோப்பாவுக்காகச் செய்யுற ரெண்டு பின் பிளக்குல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு தட்டையான, ஒல்லியான பிளக். அதோட பின் 4 மில்லிமீட்டர்தான். போன் சார்ஜர், டிரிம்மர், ஸ்ட்ரெய்ட்னர்ல வரும். அது 2.5 ஆம்பியருக்கு மேல எடுக்காத சாமானுக்கு மட்டும். இன்னொண்ணு வட்டமா, கொழுக்கட்டை மாதிரி தடியா இருக்கும். பின் 4.8 மில்லிமீட்டர். டிரையர்ல வர்றது இதுதான். நம்ம பாயிண்ட்டுல இது ஏறக்குறைய சரியா உட்காரும். "ஏறக்குறைய"ங்கிறதுதான் பிரச்சினை.

பாயிண்ட்டுக்கு உள்ள பித்தளைத் தகடு ஒண்ணு பின்னை ரெண்டு பக்கமும் கிள்ளிப் பிடிச்சிருக்கும். தினமும் குத்திப் பிடுங்கி, குத்திப் பிடுங்கி, அந்தக் கிள்ளல் தளர்ந்து போகும். பிஜி ரூம் பாயிண்ட்னா கேக்கவே வேண்டாம், நமக்கு முன்னாடி எத்தனையோ பேர் அதுல கெட்டில் போட்டிருப்பாங்க. பாயிண்ட் தளர்ந்து, பின்னும் கொஞ்சம் ஒல்லியா இருந்தா, முழு நீளத்துக்கும் ஒட்ட வேண்டிய பின் ஏதோ ஒண்ணு ரெண்டு புள்ளியில மட்டும் ஒட்டும். அந்தப் புள்ளி வழியாத்தான் 5 ஆம்பியரும் போகணும். அகலமான ரோட்டுல வர்ற வண்டி எல்லாம் ஒரு சந்துக்குள்ள நுழையுற மாதிரி.

எவ்வளவு சூடு வரும்னு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்த லூஸ் காண்டாக்ட்டோட தடை வெறும் 0.2 ஓம்னு வச்சுக்குவோம். கரண்டை ரெண்டு தடவை பெருக்கி, தடையால பெருக்கணும். 5.2 பெருக்கல் 5.2 பெருக்கல் 0.2, அதாவது 5.4 வாட். சின்னதாத் தெரியுதா? அந்த 5.4 வாட்டும் மிளகு அளவு இடத்துல, காத்து போகாத பிளாஸ்டிக்குக்கு நடுவுல உட்காருது. இதே பாயிண்ட்டுல 2000 வாட் டிரையரைப் போட்டா, 8.7 பெருக்கல் 8.7 பெருக்கல் 0.2, அதாவது 15 வாட். எலக்ட்ரானிக்ஸ் கடையில ஈயம் உருக்குற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதுல பாதிக்கு மேல உங்க சுவத்துக்குள்ள ஓடுது. சூடாக ஆக தகடு இன்னும் தளரும், கறுக்கும், தடை கூடும், இன்னும் சூடாகும்.

இந்த நேரத்துல டிரையர் எப்படி ஓடும்? ரொம்ப நல்லா ஓடும். அந்த காண்டாக்ட்டுல இழக்குறது ஒரு வோல்ட்தான். 230-க்குப் பதிலா 229 போனா டிரையருக்கு ஒண்ணும் தெரியாது. மெயின் போர்டுல இருக்கிற எம்சிபி? அதுக்கும் தெரியாது. அது பார்க்கிறது எவ்வளவு கரண்ட் போகுதுங்கிறதை மட்டும். 5.2 ஆம்பியர் போறது அதுக்கு நார்மல். டிரையருக்குள்ள இருக்கிற ஓவர்ஹீட் கட்-ஆஃப்? அது ஒன்றரை மீட்டர் ஒயருக்கு அந்தப் பக்கம், ஹீட்டருக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கு. பிளக் உருகினாக்கூட அதுக்குச் சேதி போகாது.

ரூம்மேட் சொன்னது இங்கேதான் தப்பாகுது. கட்-ஆஃப் இருக்குங்கிறது உண்மை. அது காவல் காக்கிறது டிரையரை மட்டும். பிளக்குக்குக் காவல் யாருமே இல்ல, உங்க கைதான்.

அதனால கையை வச்சே பாருங்க. டிரையரை அஞ்சு நிமிஷம் ஹையில ஓட்டி, சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு, பிளக்கைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பகுதியைத் தொடுங்க. வெதுவெதுன்னு இருந்தா பரவாயில்ல. பிடிச்சிட்டே இருக்க முடியலைன்னா கோளாறு. உலோகப் பின்னை உடனே தொடாதீங்க, சுட்டுடும். பின்னைச் சுத்திப் பழுப்பு நிறம், மீன் கருகின மாதிரி ஒரு நாத்தம், ஓடும்போது பிளக்குல சர்சர்னு சத்தம், பிளக் தன் எடையிலேயே கீழ தொங்குறது, இதுல எது இருந்தாலும் அந்தப் பாயிண்ட்டை அன்னையோட நிறுத்திடுங்க.

தப்பு பாயிண்ட்டுலயா, பிளக்குலயான்னு கண்டுபிடிக்கிறதும் சுலபம். அதே டிரையரை வேற ரூம்ல, கெட்டியாப் பிடிக்கிற ஒரு பாயிண்ட்டுல போட்டு அதே அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க. அங்கே சுடலைன்னா, கோளாறு பழைய பாயிண்ட். அங்கேயும் சுட்டா, பிளக்குக்கு உள்ள ஒயர் சேருற இடத்துல கோளாறு. நம்ம வாய்ஸ் நோட் தோழிகிட்ட இதைச் செய்யச் சொன்னேன். டைனிங் ஹால்ல இருந்த புது பாயிண்ட்டுல பிளக் வெதுவெதுப்போட நின்னுடுச்சு. ஆக, குற்றவாளி ரூம் பாயிண்ட். எலக்ட்ரீஷியனுக்கு அது பத்து நிமிஷ வேலை, ஐஎஸ்ஐ முத்திரை போட்ட புது சாக்கெட் ஒண்ணு மாத்தணும், அவ்வளவுதான். வார்டன்கிட்ட "பிளக் பாயிண்ட் வேலை செய்யல"ன்னு சொல்லாதீங்க, வேலை செய்யுதேன்னு போயிடுவாங்க. "பாயிண்ட் சுட்டுக் கறுத்திருக்கு"ன்னு போட்டோவோட சொல்லுங்க.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லணும். புது சாக்கெட்டுகள்ல குழந்தைங்க கம்பி விடாம இருக்க உள்ள ஒரு மூடி இருக்கும். மேல இருக்கிற எர்த் பின் போனாத்தான் அது திறக்கும். ரெண்டு பின் பிளக்குல எர்த் பின் கிடையாது, அதனால மேல் ஓட்டையில பேனாவையோ ஸ்க்ரூ டிரைவரையோ விட்டு மூடியைத் திறந்து பிளக்கைச் செருகுவாங்க. ஸ்க்ரூ டிரைவர் உலோகம், பக்கத்துல லைவ் ஓட்டை இருக்கு. பிளக்கும் கோணலாத்தான் உட்காரும். இதுக்கு நல்ல வழி, எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லி அந்த ரெண்டு பின் பிளக்கை வெட்டிட்டு, 6 ஆம்பியர் மூணு பின் டாப் மாட்டுறது. டபுள் சதுரம் இருக்கிற டிரையர்ல எர்த் ஒயர் இருக்காது, அந்தப் பின் சும்மாதான் நிக்கும். ஆனா அது மூடியைத் திறக்கும், பிளக்கை ஆடாமப் பிடிக்கும். வாரண்டி இன்னும் இருந்தா வெட்டுறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல கேட்டுக்கோங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்தி ஒரே வரி. 1200 வாட் டிரையரும் 1500 வாட் கெட்டிலும் ஒரே பாக்ஸ்ல ஓடினா 11.7 ஆம்பியர். அந்த பாக்ஸ் பிளக் 6 ஆம்பியர்னா கணக்கு அங்கேயே முடிஞ்சுது.

டிரையர் ஏன் நாலு நிமிஷத்துல நிக்குது

இப்போ ரெண்டாவது கோளாறு. பிளக் சுடுறதுக்கும் டிரையர் நிக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டும் தனித்தனி.

டிரையருக்கு உள்ள மைக்கா அட்டையில சுருள் சுருளா நிக்ரோம் கம்பி சுத்தியிருக்கும். பின்னாடி ஒரு சின்ன ஃபேன். ஃபேன் தள்ளுற காத்துதான் அந்தக் கம்பியோட சூட்டை எடுத்துக்கிட்டு உங்க தலைக்கு வருது. அதாவது காத்துக்கு ரெண்டு வேலை, முடியைக் காய வைக்கணும், கம்பியையும் காப்பாத்தணும். காத்து குறைஞ்சா அதே 1200 வாட் கொஞ்சக் காத்துக்குள்ள போகும், சூடு எகிறும்.

அதைப் பிடிக்கத்தான் கட்-ஆஃப். ரெண்டு வேற வேற உலோகத்தை ஒட்டின ஒரு சின்னப் பட்டை. சூடானா ஒண்ணு அதிகமா நீளும், இன்னொண்ணு கொஞ்சமா நீளும், அதனால பட்டை வளையும், காண்டாக்ட் விட்டுப் போகும், கரண்ட் நிக்கும். ஆறினா பட்டை நிமிரும், கரண்ட் மறுபடி வரும். சில மாடல்ல ஹீட்டர் மட்டும் நின்னு ஃபேன் பச்சைக் காத்தை ஊதிக்கிட்டே இருக்கும். சிலதுல எல்லாமே நிக்கும்.

இதுக்குப் பின்னாடி இன்னொரு காவலும் பல டிரையர்கள்ல இருக்கு, தெர்மல் ஃபியூஸ். பட்டை ஒட்டிக்கிட்டு வேலை செய்யாமப் போனா, இது ஒரே ஒரு தடவை உருகும். அதோட டிரையர் செத்தது, ஆறினாலும் வராது. ரிப்பேர் கடையில "ஃபியூஸ் போயிருக்கு, டைரக்ட் பண்ணிடறேன்"னு சொன்னா விட்டுடாதீங்க. அதே டிகிரியில உருகுற புது ஃபியூஸ் போடச் சொல்லுங்க, இல்லேன்னா டிரையரைக் கடாசிடுங்க. கடைசிக் காவலைக் கழட்டின டிரையர் தலைக்குப் பக்கத்துல இருக்கக் கூடாது.

சரி, காத்து ஏன் குறையுது? நூத்துக்குத் தொண்ணூறு பங்கு பின்பக்க வலைதான். முடி, துணி நூல், பவுடர் எல்லாம் அங்கே படிஞ்சு ஒரு கம்பளி மாதிரி ஆகிடும். பிளக்கைப் பிடுங்கிட்டு பின்மூடியைத் திருகுங்க, பல மாடல்ல கையாலேயே கழளும். காஞ்ச பழைய டூத் பிரஷ்ஷால வலையைத் தேய்ச்சு எடுங்க. தண்ணி வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சா எல்லா ஓட்டையிலயும் வெளிச்சம் தெரியணும். அதுக்கப்புறமும் நின்னா, ஃபேன் சத்தத்தைக் கேளுங்க. முன்னைவிட மந்தமா, உறுமுற மாதிரி இருந்தா, ஃபேன் தண்டுல நீள முடி சுத்தியிருக்கும். வலையும் சுத்தம், ஃபேனும் சரி, அப்பவும் நிக்குதுன்னா அந்த டிரையரோட காலம் முடிஞ்சுது.

நம்ம தோழி வலையைக் கழட்டிப் போட்டோ அனுப்பினாங்க. சாம்பல் நிறத்துல ஒரு பூனைக்குட்டியே அங்கே தூங்குற மாதிரி இருந்தது. சுத்தம் பண்ணினதும் பன்னிரண்டு நிமிஷம் நிக்காம ஓடியிருக்கு.

இதுல நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறது ஒண்ணு. டிரையர் தானா நின்னதும் நாம என்ன பண்றோம்? "போச்சு"ன்னு கட்டில் மேல போட்டுட்டு ஆபீஸ் கிளம்பிடறோம். சுவிட்ச் ஆன்லயே இருக்கு. பத்து நிமிஷத்துல பட்டை ஆறி நிமிரும், டிரையர் தானா ஓட ஆரம்பிக்கும், போர்வைக்கும் தலகாணிக்கும் நடுவுல, காத்து போக வழியில்லாம. மறுபடி கட்-ஆஃப் நிறுத்தும், மறுபடி ஆறும், மறுபடி ஓடும். ஆள் இல்லாத ரூம்ல அந்தப் பட்டை எத்தனை தடவை வளைஞ்சு நிமிரும்னு நம்பி விட முடியாது. அதனால நின்னா முதல் வேலை, சுவர் சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கறது. அப்புறம்தான் யோசனை.

லோ, ஹை, கூல்

செட்டிங் பத்தியும் கேட்டிருந்தாங்க, "லோல வச்சா முடிக்குச் சூடு பாதிதானே?"ன்னு. கரண்ட் பாதி, சூடு பாதி இல்ல. விலை குறைஞ்ச டிரையர்கள்ல லோ செட்டிங்குன்னா உள்ள ஒரு டையோடு கரண்ட் அலையில பாதியை வெட்டிடும். ஹீட்டரும் பாதி, ஃபேனும் மந்தம். சூடும் குறையுது, காத்தும் குறையுது. அதனால மூக்குல வர்ற காத்தோட சூடு நீங்க நினைக்கிற அளவுக்குக் குறையாது. வாங்கும்போது பாருங்க, ஹீட்டுக்கு ஒரு பட்டன், ஸ்பீடுக்கு ஒரு பட்டன்னு தனித்தனியா இருந்தா, காத்தை ஹையிலயும் சூட்டை லோலயும் வைக்கலாம். முடிக்கு அதுதான் நல்லது. ஒரே ஸ்லைடர்னா, தூரத்தால அட்ஜஸ்ட் பண்ணுங்க. ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, கையை நகர்த்திக்கிட்டே இருங்க. கூல் பட்டன் கடைசி ஒரு நிமிஷத்துக்கு. முடி செட் ஆகும், உள்ள இருக்கிற கம்பியும் ஆறும்.

ஸ்ட்ரெய்ட்னர் கதையே வேற. அது பெரும்பாலும் 30-ல இருந்து 60 வாட். கரண்ட் கால் ஆம்பியர்கிட்ட. அதுக்கு அந்த ஒல்லிப் பிளக் போதும், பாயிண்ட் சுடாது. ஆனா டிரையர்ல காத்து கலந்து வர்ற சூடு, இதுல தகடு நேரா முடியைத் தொடுது, 180, 200 டிகிரியில. தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். ஈர முடியை அதுல வச்சா சுர்ருன்னு சத்தம் வரும். முடிக்கு உள்ள இருக்கிற தண்ணி ஆவியாகி வெடிச்சு வெளிய வருது. முடிக்குள்ள குமிழ் விழுந்து அந்த இடத்துல உடையும். அதனால முழுசா காஞ்ச முடியில மட்டும். இதுல டிகிரி காட்டுற மாடலா எடுங்க, வெறும் ஆன்-ஆஃப் இருந்தா எத்தனை டிகிரியில இருக்குன்னே தெரியாது. மறந்துட்டுப் போற ஆளா இருந்தா, குறிப்பிட்ட நேரத்துல தானா அணையுற வசதி இருக்கான்னு பாருங்க. அது கட்-ஆஃப் இல்ல, டைமர். ரெண்டும் வேற.

அத்தையோட டிரையர்

இப்போ நியூ ஜெர்சி. அத்தைகிட்ட லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கன்னேன். வந்தது: 125 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 1875 வாட்.

அங்கே இது 15 ஆம்பியர் எடுக்குது. 125-ஐ 15-ஆல வகுத்தா, உள்ள இருக்கிற கம்பியோட தடை 8.3 ஓம். கம்பி சென்னைக்கு வந்தாலும் அதே கம்பிதான், தடை மாறாது. இங்கே வோல்டேஜ் 230. 230-ஐ 8.3-ஆல வகுத்தா 27 ஆம்பியருக்கு மேல. வாட்டுல சொன்னா கிட்டத்தட்ட 6300. கையில பிடிக்கிற சாமானுக்குள்ள மூணு கீசர் சூடு. வோல்டேஜ் ரெண்டு மடங்கு கூட ஆகல, வாட் மூணு மடங்கு தாண்டிடுச்சு. முதல்ல சொன்ன ஏறுற கணக்கு இதுதான். ஆன் பண்ணினதும் ஃபேன் அலறும், கம்பி செக்கச் சிவக்கும், அப்புறம் எம்சிபி விழும், இல்ல தெர்மல் ஃபியூஸ் போகும், இல்ல தீ. எது முந்தும்னு யாரும் சொல்ல முடியாது.

"அதான் அடாப்டர் விக்குதே, நூறு ரூபாய்க்கு?" அது தட்டைப் பின்னை உருண்டைப் பின்னா மாத்தும், வோல்டேஜைத் தொடாது. பிளக் உள்ள போகுதுங்கிறதால டிரையர் இங்கே ஓடும்னு அர்த்தம் இல்ல. வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமேன்னா, 1875 வாட் தாங்குறது பல கிலோ எடை, அதோட விலைக்கு இங்கே நல்ல டிரையரே வாங்கிடலாம்.

அமெரிக்க டிரையர் ஒயர் முனையில பெரிய கட்டி மாதிரி ஒரு பிளக் இருக்கும், டெஸ்ட், ரீசெட்னு ரெண்டு பட்டனோட. அதைப் பார்த்து, "இதுலதான் சேஃப்டி இருக்கே"ன்னு சிலர் சொல்வாங்க. அது டிரையர் தண்ணியில விழுந்தா ஷாக் அடிக்காம கரண்டை வெட்டுறதுக்காக வச்சது. அதிக வோல்டேஜைத் தடுக்கிறது அதோட வேலை இல்ல.

ஒரே ஒரு விதிவிலக்கு. டிராவல் டிரையர்கள்ல கைப்பிடியில நாணயத்தால திருப்புற மாதிரி ஒரு குழி இருக்கும், 125, 250-ன்னு எழுதியிருக்கும். லேபிள்லயும் ரெண்டு வோல்டேஜும் இருந்தா, 250-க்குத் திருப்பிட்டு இங்கே ஓட்டலாம். ஸ்ட்ரெய்ட்னர்ல 100-240 வோல்ட்னு இருந்தா எதையும் திருப்ப வேண்டாம், பிளக் அடாப்டர் மட்டும் போதும். அத்தை ஏதாவது கொண்டு வரணும்னு ஆசைப்பட்டா, அந்த மாதிரி ஒரு ஸ்ட்ரெய்ட்னரைக் கேளுங்க.

ஆக, தோழிக்கு நான் சொன்னது இதுதான். இருக்கிற 1200 வாட் டிரையர் நல்ல டிரையர், வலையைச் சுத்தம் பண்ணியாச்சு, மாசம் ஒரு தடவை பண்ணுங்க. ரூம் பாயிண்ட்டை மாத்துற வரைக்கும் டைனிங் ஹால்ல காய வைங்க, கொஞ்சம் கூச்சமா இருந்தாலும் பரவாயில்ல. அத்தைகிட்ட "வேண்டாம் அத்தை, இங்கே வோல்டேஜ் வேற"ன்னு சொல்லிடுங்க. நேத்து மெசேஜ் வந்தது, சாக்கெட் மாத்திட்டாங்களாம். கழட்டின பழைய சாக்கெட்டோட போட்டோவும் இருந்தது. பின்பக்கம் ஒரு ஓட்டையைச் சுத்தி பிளாஸ்டிக் உருகி வழிஞ்சிருந்தது. அந்தப் பாயிண்ட்டுலதான் ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் தினமும் காலையில டிரையர் நல்லாவே ஓடியிருக்கு.

இன்னைக்கு ராத்திரி உங்க டிரையர் பிளக்கை ஒரு தடவை தொட்டுப் பாருங்க. லேபிள் புரியலைன்னா போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.